காலிப் புல்வெளியின் கணக்கு

ஃபின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே பால்டிக் கடலில் ஆலந்து தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே பாறைகளுக்கும் வயல்களுக்கும் இடையில் துண்டு துண்டாகச் சிறு புல்வெளிகள் உண்டு. பெரும்பாலானவை ஒரு வீட்டுத் தோட்டத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். கிளான்வில் ஃப்ரிட்டிலரி என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி இந்தத் துண்டுகளில் வாழ்கிறது. நம் மருந்துக் கடைகளில் விற்கும் இசப்கோலுக்குச் சொந்தமான ஒரு பிளான்டாகோ செடியும், வெரோனிக்கா என்ற நீலப்பூச் செடியும் அதன் புழுக்களுக்கு உணவு. அந்தச் செடிகள் இல்லாத இடத்தில் அது முட்டையிடாது.

இலையுதிர் காலம் தொடங்கும்போது ஒரே தாய்க்குப் பிறந்த கறுப்புப் புழுக்கள் சேர்ந்து வெள்ளைப் பட்டுக்கூடு பின்னி, அதற்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். புல்லுக்குள் குனிந்து தேடினால் இந்தக் கூடு கண்ணில் படும். இதை வைத்தே ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் இல்க்கா ஹான்ஸ்கி 1990களின் தொடக்கத்தில் ஒரு பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கினார். ஆண்டுதோறும் மாணவர்கள் புல்வெளி புல்வெளியாக நடந்து கூடுகளை எண்ணுகிறார்கள். பட்டியலில் ஏறக்குறைய 4,000 புல்வெளிகள் இருக்கின்றன. எந்த ஓர் ஆண்டிலும் பூச்சி இருப்பது சில நூறில் மட்டுமே.

போன ஆண்டு பூச்சி இருந்த பல புல்வெளிகளில் இந்த ஆண்டு ஒன்றுகூட இருக்காது. வறட்சியில் செடி கருகியிருக்கலாம், ஒட்டுண்ணிக் குளவி புழுக்களை முடித்திருக்கலாம். சின்னக் கூட்டம் என்பதால் உடன்பிறந்தவற்றுக்குள்ளேயே இனம் பெருகி, வலுவிழந்தும் போயிருக்கலாம். அதே ஆண்டில், காலியாகக் கிடந்த வேறு பல இடங்களில் எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு பெண்பூச்சி முட்டையிட்டிருக்கும். ஒவ்வொரு கூட்டமும் நிலையற்றது, ஆனால் கூட்டங்களின் கூட்டம் நிலைத்திருக்கிறது. இதைத்தான் சூழலியலாளர்கள் மெட்டாபாப்புலேஷன் என்கிறார்கள்.

இந்தச் சமநிலைக்கு 1969இல் ஒரு எளிய கணக்கு எழுதியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் லெவின்ஸ். பயிர்ப் பூச்சிகளை எப்படி ஒழிப்பது என்பதுதான் அப்போது அவர் முன் இருந்த கேள்வி. ஒழிக்கும் வழியைக் காட்டும் கணக்கு, காக்கும் வழியையும் காட்டிவிடுகிறது. அதைக் கற்பனையான 100 புல்வெளிகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

பூச்சி குடியிருக்கும் புல்வெளிகளில் ஆண்டுக்கு ஐந்தில் ஒன்று அற்றுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியிருக்கும் ஒவ்வொரு புல்வெளியிலிருந்தும் ஆண்டுக்குச் சராசரி அரைத் தடவை, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு தாய்ப்பூச்சி வெளியேறி, 100 இடங்களில் ஏதோ ஒன்றில் இறங்குகிறது. இப்போது 60 புல்வெளிகளில் பூச்சி இருக்கிறது. அவற்றில் 12 அற்றுப்போகும். வெளியேறும் தாய்ப்பூச்சிகள் 30. ஆனால் 100 இடங்களில் 60 ஏற்கெனவே நிரம்பியவை, காலி 40தான். ஆகவே 30இல் நூற்றுக்கு நாற்பது, அதாவது 12 மட்டுமே புதிய குடியேற்றம். போனது 12, வந்தது 12. எண்ணிக்கை 60லேயே நிற்கிறது.

இதில் 30 புல்வெளிகளை உழுது வயலாக்கிவிட்டோம் என்று வையுங்கள். மிச்சம் 70. இழந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, பூச்சியும் அந்த அளவுக்குத்தான் குறையும் என்று தோன்றும். ஆனால் புதிய சமநிலை 30 புல்வெளிகளில்தான் ஏற்படுகிறது. சரிபார்க்கலாம்: 30இல் ஐந்தில் ஒன்று, 6 அற்றுப்போகிறது. வெளியேறும் தாய்ப்பூச்சிகள் 15. அவை இறங்கும் 100 இடங்களில் 30 வயல், 30 நிரம்பியவை, 40 காலி. 15இல் நூற்றுக்கு நாற்பது என்றால் 6. வாழிடம் முப்பது சதவீதம் குறைந்ததற்கு, பூச்சி இருக்கும் இடங்கள் பாதியாகிவிட்டன. வழியில் வயலில் இறங்கி வீணாகும் தாய்ப்பூச்சிகள்தான் இதற்குக் காரணம்.

காலி இடங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். முன்பும் 40, இப்போதும் 40. இந்தக் கணக்கில் அது தற்செயல் இல்லை. ஒரு கூட்டம் தன் வாழ்நாளில் சராசரி ஒரு புதிய கூட்டத்தையாவது உருவாக்க வேண்டும். ஐந்தில் ஒன்று அற்றுப்போகிறது என்றால் ஒரு கூட்டத்தின் சராசரி ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்குள் வெளியேறுவது இரண்டரைத் தாய்ப்பூச்சி. அவற்றில் ஒன்றாவது காலியான நல்ல இடத்தில் இறங்க, 100க்கு 40 இடங்கள் அப்படி இருந்தாக வேண்டும். மொத்தப் புல்வெளிகளே 40க்குக் கீழே போனால், எஞ்சியவை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பூச்சி மெல்ல மெல்ல முழுதும் அற்றுப்போகும். நம் திட்ட அறிக்கைகளில் ‘இங்கே அரிய உயிரினம் எதுவும் காணப்படவில்லை’ என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 40தான் நினைவுக்கு வரும். ஒருநாள் போய்ப் பார்த்துக் காலி என்று எழுதிய இடம், அடுத்த ஆண்டின் குடியேற்றத்துக்கு இன்றியமையாத இடமாக இருக்கலாம்.

இதைவிடக் கவலை தருவது, அழிவு உடனே தெரியாமல் போவதுதான். 100இல் 65 புல்வெளிகள் போய் 35 மட்டும் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம் நிரம்பியிருந்த நிலையில் அழித்ததால், எஞ்சிய 35இல் 21இல் பூச்சி இருக்கும். ஆய்வுக்கு வருபவர் எண்ணிப் பார்ப்பார். முன்பும் 60 சதவீதம், இப்போதும் 60 சதவீதம், பூச்சி நலமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் அந்த ஆண்டே 21இல் 4 அற்றுப்போகிறது. வெளியேறும் பத்துத் தாய்ப்பூச்சிகளுக்குக் காலியான நல்ல இடம் 14தான், எனவே வருவது ஒன்றோ இரண்டோ. ஐந்து ஆண்டில் 12, பத்து ஆண்டில் 8, இருபது ஆண்டில் ஐந்துக்கும் கீழே. இயந்திரம் போன பின்னும் பல ஆண்டு நீளும் இந்த இறக்கத்தை அழிவுக் கடன் என்கிறார்கள். ஒரே ஒரு கணக்கெடுப்பில் இது பிடிபடாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எத்தனை அற்றுப்போயின, எத்தனை புதிதாக வந்தன என்று தனித்தனியே எண்ண வேண்டும். போனது 4, வந்தது ஒன்றரை என்று இருந்தால், எத்தனை சதவீதம் நிரம்பியிருந்தாலும் நிலைமை மோசம்தான்.

இந்தக் கணக்கை அப்படியே நிலத்தில் பொருத்த முடியாது. எல்லாப் புல்வெளியும் ஒன்றுபோல, எங்கிருந்தும் எங்கும் போகலாம் என்று இது கருதிக்கொள்கிறது. நிஜத்தில் சின்னத் துண்டில் கூட்டம் சீக்கிரம் அற்றுப்போகும், தூரத்துத் துண்டுக்குத் தாய்ப்பூச்சி வந்து சேராது. அதனால் 1994இல் ஹான்ஸ்கி ஒவ்வொரு துண்டின் பரப்பையும், மற்றத் துண்டுகளிலிருந்து அதன் தூரத்தையும் கணக்கில் சேர்த்தார். தூரம் கூடக்கூட வந்து சேரும் வாய்ப்பு நேர்கோட்டில் அல்ல, சட்டென்று சரிகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 100இல் 37 வந்து சேர்ந்தால், இரண்டுக்கு 14, மூன்றுக்கு 5 என்ற வேகத்தில். ஆகவே இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு துண்டு, தனியாக ஒதுங்கிய பெரிய துண்டைவிட மதிப்புள்ளதாக இருக்கலாம்.

இன்னொரு அனுமானமும் உண்டு: ஒவ்வொரு துண்டும் அதனதன் காரணத்தால், வெவ்வேறு ஆண்டுகளில் அற்றுப்போகும் என்பது. 2018 கோடையில் ஆலந்து முழுவதும் கடும் வறட்சி. எல்லாத் துண்டிலும் செடி ஒரே நேரத்தில் காய்ந்தது, புழுக்கள் பட்டினியில் செத்தன, கூடுகளின் எண்ணிக்கை மிகக் கடுமையாகச் சரிந்தது. ஒன்று விழும்போது பக்கத்திலிருந்து ஆள் அனுப்ப, பக்கமும் நிற்க வேண்டுமே.

ஹான்ஸ்கி 2016இல் இறந்துவிட்டார். கணக்கெடுப்பு அதன் பின்னும் தொடர்ந்தது. போன ஆண்டு ஒரு கூடுகூட இல்லாத புல்வெளிக்கும் போய், மண்டியிட்டுத் தேடி, இல்லையென்றால் பூஜ்யம் என்று குறித்துவிட்டு அடுத்த புல்வெளிக்கு நடக்கிறார்கள்.