லாபம் 21 லட்சம். கையிருப்பு குறைந்தது எப்படி?

நல்ல லாபம் காட்டிய நிறுவனத்தில்கூட ஆண்டு முடிவில் கையிலும் வங்கியிலும் இருக்கும் பணம் குறைந்திருக்கலாம். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று சொல்வது ரொக்க ஓட்ட அறிக்கை. இரண்டு ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்புகளையும் இடைப்பட்ட ஆண்டின் லாப நட்டக் கணக்கையும் வைத்துக்கொண்டு இதைத் தயாரித்துவிடலாம். எவர்சில்வர் பாத்திரம் செய்யும் ஒரு கற்பனை நிறுவனத்தின் கணக்கு இது (லட்சம் ரூபாயில்):

| | சென்ற ஆண்டு | இந்த ஆண்டு |
|---|---|---|
| ரொக்கம், வங்கி | 8 | 5 |
| வரவேண்டிய பாக்கி | 20 | 32 |
| சரக்கிருப்பு | 25 | 30 |
| இயந்திரங்கள் (தேய்மானம் போக) | 60 | 78 |
| மொத்தச் சொத்து | 113 | 145 |
| சரக்குக்குத் தரவேண்டிய பாக்கி | 18 | 23 |
| வங்கிக் கடன் | 30 | 40 |
| பங்கு முதல் | 40 | 40 |
| சேர்ந்த லாபம் | 25 | 42 |
| மொத்தப் பொறுப்பு | 113 | 145 |

லாப நட்டக் கணக்கில் வரி போக நிகர லாபம் 21. அதற்கு முன் தேய்மானமாக 9, வட்டியாக 4 கழிக்கப்பட்டுள்ளன. பழைய இயந்திரம் விற்ற லாபம் 2 சேர்க்கப்பட்டுள்ளது. வரியும் வட்டியும் பாக்கியின்றிக் கட்டப்பட்டுவிட்டன.

விடை தொடங்கும்போதே தெரிந்திருப்பதுதான் இந்த அறிக்கையின் வசதி. ரொக்கம் 8-லிருந்து 5 ஆனது. ஆகவே கடைசி வரியில் 3 குறைவு வந்தாக வேண்டும். பொறுப்புகள் 32 கூடியிருக்க, ரொக்கம் தவிர்த்த சொத்துகள் 35 கூடியுள்ளன. அந்த 3-ஐ ரொக்கம்தான் ஈடுகட்டியிருக்கிறது.

முதல் பிரிவு அன்றாடத் தொழில். நிகர லாபம் 21-உடன், பணமாக வெளியே போகாத தேய்மானம் 9 கூட்டப்படும். இயந்திரம் விற்ற லாபம் 2 கழிக்கப்படும். அந்த விற்பனைத் தொகை முழுவதும் முதலீட்டுப் பிரிவில் வரப்போகிறது. வட்டி 4-ஐ இங்கே கூட்டி, கடைசிப் பிரிவில் கழிப்பார்கள். நிதி நிறுவனம் அல்லாதவை கட்டும் வட்டியை இந்தியக் கணக்கியல் தரநிலை 3 அங்கேதான் வைக்கிறது. இதுவரை 32. வாடிக்கையாளர்களிடம் கூடுதலாக 12 நின்றுபோனது, சரக்கில் 5 முடங்கியது, இரண்டும் கழிவு. சரக்கு தந்தவர்களுக்குத் தராமல் வைத்திருக்கும் 5 கூட்டல். தொழிலில் வந்த ரொக்கம் 20.

இரண்டாவது பிரிவான முதலீட்டில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இயந்திரங்கள் 60-லிருந்து 78 ஆனதால் 18-க்கு வாங்கியதாகத் தோன்றும். அது தவறு. பேரேட்டின்படி, புத்தக மதிப்பு 5 உள்ள இயந்திரம் 7-க்கு விற்கப்பட்டது. தொடக்கத்தில் இருந்த 60-இல் தேய்மானம் 9, விற்றது 5 போனால் மிஞ்சுவது 46. அது 78 ஆக வேண்டுமென்றால் புதிதாக 32-க்கு வாங்கியிருக்க வேண்டும். வாங்கியதற்கு 32 போய், விற்றதில் 7 வர, இந்தப் பிரிவில் 25 வெளியேறியது.

நிதி திரட்டும் பிரிவு எளிது. கடன் 10 வந்தது. சேர்ந்த லாபம் 25-உடன் 21 சேர்ந்து 46 ஆகியிருக்க வேண்டும். 42 தான் இருக்கிறது. குறையும் 4 பங்குதாரர்களுக்குப் போன ஈவுத்தொகை. வட்டி 4-ஐயும் கழித்தால் நிகர வரவு 2. ஆக, 20-இல் 25 போய் 2 சேர, குறைவு 3. கணக்கு பொருந்துகிறது.

பொருந்தாவிட்டால், வித்தியாசத் தொகையே பிழையைக் காட்டிக்கொடுக்கும். இயந்திரத்தை 18-க்கு வாங்கியதாகப் போட்டிருந்தால் ரொக்கம் 11 கூடியதாக வரும். உண்மையிலிருந்து 14 விலகல். அது தேய்மானம் 9, விற்ற இயந்திரத்தின் புத்தக மதிப்பு 5 ஆகியவற்றின் கூட்டு. வித்தியாசம் 10 என்றால், 5-இன் இரு மடங்கு. சரக்கிருப்பையோ தரவேண்டிய பாக்கியையோ கூட்டல் கழித்தல் மாற்றிப் போட்டிருக்கலாம். வரவேண்டிய பாக்கியில் அதே தவறு நேர்ந்தால் 24 வரும்.

ஆனால் பொருந்திவிட்டதாலேயே அறிக்கை சரி என்று ஆகிவிடாது. வங்கி அந்த 10 லட்சத்தை நிறுவனத்தின் கணக்கில் போடாமல், இயந்திரம் விற்றவருக்கே நேரடியாகச் செலுத்தியிருந்தால், அந்தத் தொகை நிறுவனத்தின் கையைத் தொடவே இல்லை. கடன் வரவு 10 நீங்கும். இயந்திரத்துக்குப் போன பணமும் 32-லிருந்து 22 ஆகும். முதலீட்டில் 15 வெளியேற்றம், நிதிப் பிரிவில் 8 வெளியேற்றம், தொழிலில் 20 வரவு. இப்போதும் விடை 3 குறைவுதான். இத்தகைய ரொக்கமில்லாப் பரிவர்த்தனையை அறிக்கையில் சேர்க்காமல் தனிக் குறிப்பாகத் தரவேண்டும் என்கிறது தரநிலை. இருப்புநிலைக் குறிப்புகள் இரண்டையும் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது. கடன் ஒப்பந்தத்தையும் வங்கிப் பதிவையும் பார்த்தால்தான் தெரியும்.