தேதி கேட்டோம், பதில் வரவில்லை

திருநெல்வேலியில் ஒரு கல்லூரி. பிப்ரவரியில் துறைக் கருத்தரங்கு. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரைச் சிறப்புரைக்கு அழைக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் ஜனவரி 5, திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: “வணக்கம் சார், பிப்ரவரி 13 அல்லது 20, இரண்டுமே வெள்ளிக்கிழமை. தங்களுக்கு எது வசதிப்படும்?” மதியத்துக்குள் இரண்டு நீல டிக்குகள் விழுந்துவிட்டன. செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. பதில் இல்லை. இது கற்பனை உதாரணம்தான். ஆனால் ஆளெடுப்புத் துறையில் நேர்காணலுக்கு நாள் குறிப்பவரும், முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளரின் தேதிக்குக் காத்திருப்பவரும் இதே இடத்தில்தான் தவிக்கிறார்கள்.

நீல டிக் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: செய்தி திறக்கப்பட்டது. முடிவு எடுத்தாயிற்று என்று அதற்குப் பொருள் இல்லை. தேதி கேட்கும் செய்திக்கு மற்றச் செய்திகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பதில் பல நேரம் அதைப் படிப்பவர் கையிலேயே இருக்காது. பேராசிரியர் தேர்வு அட்டவணையைப் பார்க்க வேண்டும், துறைத் தலைவரிடம் விடுப்பு கேட்க வேண்டும், அந்த வாரம் வீட்டில் ஏதாவது விசேஷம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். ‘கேட்டுவிட்டுச் சொல்லலாம்’ என்று போனைக் கீழே வைக்கிறார். அதன் மேல் நாற்பது செய்திகள் வந்து குவிகின்றன. அவர் மறுக்கவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. செய்தி கீழே புதைந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் எத்தனை நாள் பொறுப்பது? யாஹூ மின்னஞ்சல் பயன்படுத்திய சுமார் 20 லட்சம் பேரின் கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நல்ல பிடி கொடுக்கிறது. வந்த பதில்களில் பாதி, 47 நிமிடங்களுக்குள் வந்திருந்தன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு நாளுக்குள் வந்துவிட்டன. வாட்ஸ்அப் வேறு ஊடகம் என்றாலும், போக்கு நமக்குப் பழகியதுதான். முதல் நாளில் வராத பதில் தானாக வரும் வாய்ப்பு நாளுக்கு நாள் மங்கும். முழு வாரம் பொறுத்திருப்பதால் பேராசிரியருக்குக் கூடுதல் மரியாதை எதுவும் கிடைப்பதில்லை. ஒருங்கிணைப்பாளருக்குத்தான் நாள் குறைகிறது.

அதற்காக மறுநாளே தட்டுவதும் சரியாகாது, ஏனென்றால் விசாரித்துச் சொல்ல அவருக்கும் அவகாசம் வேண்டும். இரண்டு முழு வேலைநாள் விட்டு, மூன்றாம் நாள் காலையில் நினைவூட்டுவது பெரும்பாலும் பொருந்தும்.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. கணக்கைப் பின்னாலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அழைப்பிதழ் ஜனவரி 21 அன்று அச்சகத்துக்குப் போக வேண்டும். இவர் வர இயலாது என்றால் இன்னொருவரைக் கேட்கச் சில நாட்களாவது தேவை. நடுவில் 15ஆம் தேதி பொங்கல். 13 மாலையிலேயே பலர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் டிக்கெட் வேறு இருக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுவதால், பிப்ரவரி 12 இரவுப் பயணத்துக்கான இடங்கள் ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும். ஆகவே பொங்கலுக்கு முன் தேதி முடிவாக வேண்டும். 5ஆம் தேதி கேட்டவர் 8ஆம் தேதி, வியாழக்கிழமை நினைவூட்டினால் பேராசிரியருக்கு மேலும் இரண்டு வேலைநாள் மிஞ்சும். ‘ஒரு வாரம் பார்ப்போம்’ என்று 12 வரை இருந்துவிட்டால் அந்த வசதி போய்விடும்.

இனி, என்ன எழுதுவது? பலர் அனுப்புவது “சார்?” என்ற ஒற்றைச் சொல். சிலர் தினமும் காலையில் பூப்படத்தோடு காலை வணக்கம் அனுப்பி மறைமுகமாக உணர்த்தப் பார்ப்பார்கள். “என் மெசேஜ் பார்த்தீர்களா சார்?” என்பது இன்னொன்று. பார்த்தது நீல டிக்கிலேயே தெரிகிறது. தெரிந்தே கேட்கும் கேள்வி, விசாரணை போலத்தான் காதில் விழும். ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்று தலைப்பிட்டுவிட்டு, கீழே முதல் செய்தியை அப்படியே ஒட்டுவதும் அந்த வகைதான். எல்லாவற்றிலும் மோசமானது, முதல் நினைவூட்டலிலேயே அவருடைய துறைத் தலைவரையும் சேர்த்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புவது. அதற்குப் பதில் உடனே வரலாம், ஆனால் அந்த மனிதர் மனம் விட்டுப் பேச வரமாட்டார்.

லாரா கியூர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. அவசரமில்லாத வேலை மின்னஞ்சலுக்குக் கூட, அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று பெறுபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் பதில் போடாதவர் ஏற்கெனவே குறுகுறுப்போடுதான் இருப்பார். நாளாக நாளாக, வெறும் தேதி மட்டும் சொன்னால் போதாது, தாமதத்துக்கு விளக்கமும் சொல்ல வேண்டுமே என்ற பாரம் ஏறுகிறது. நினைவூட்டல் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும். உதாரணமாக:

“வணக்கம் சார். தேர்வு நேரம், வேலை அதிகமாக இருக்கும். கருத்தரங்குத் தேதி பற்றி மீண்டும் கேட்கிறேன்: 1) பிப்ரவரி 13, வெள்ளி. 2) பிப்ரவரி 20, வெள்ளி. இரண்டும் தோதுப்படாவிட்டால் 3. எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் 12ஆம் தேதி, திங்கள் மாலைக்குள் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.”

தாமதத்துக்கான காரணத்தை இவரே சொல்லிவிட்டதால் பேராசிரியர் விளக்கம் தேட வேண்டியதில்லை. தேதிகள் மறுபடி முழுதாக இருப்பதால் மேலே தேடிப் போக வேண்டியதில்லை. மறுப்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. நம்மூரில் மூத்தவர்கள் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லத் தயங்குவதாலேயே பல தேதிகள் தொங்கலில் நிற்கின்றன, அதனால் அந்த மூன்றாவது எண் மிக முக்கியம். கெடு வைத்ததும் அச்சக வேலைதான், அனுப்பியவரின் பொறுமையின்மை அல்ல. கெடுவுக்குப் பின்னால் இருக்கும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். சும்மா வைத்த கெடு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த கெடுவை அவர் மதிக்கமாட்டார்.

நினைவூட்டலில் புதிய தேதிகளைச் சேர்க்கவும் கூடாது. “27ஆம் தேதியும் பார்க்கலாம் சார்” என்று தாராளமாக எழுதத் தோன்றும். ஆனால் பேராசிரியர் இரண்டு நாட்களுக்குப் பாதி விசாரித்து வைத்திருப்பார். மூன்றாவதைச் சொன்னால் அத்தனையையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

திங்கள் மாலையும் கடந்துவிட்டால், மூன்றாவது செய்தி எழுதுவதைவிட 13ஆம் தேதி காலை பதினொரு மணிவாக்கில் ஒரு போன் போடுவது மேல். வகுப்புக்கு நடுவே அழைக்காமல், “இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா சார்?” என்று கேட்டுவிட்டுத் தேதியை மட்டும் பேச வேண்டும். ‘மெசேஜ் அனுப்பியிருந்தேனே’ என்ற பேச்சே வேண்டாம்.

எடுக்கவில்லை என்றால் அன்று மாலையே இப்படி ஒரு செய்தி: “சார், இம்முறை தங்களுக்கு வசதிப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம். அடுத்த பருவத்தில் முன்கூட்டியே அழைக்கிறோம்.” இதை அனுப்பிய பிறகே அடுத்தவரிடம் தேதி கேட்க வேண்டும். இந்த வரிசை மாறினால், பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் பேராசிரியர் “13 ஓகே” என்று பதில் போடும் நேரத்தில் இன்னொருவரின் பெயர் அச்சுக்குப் போயிருக்கும்.