ஆறாயிரமாவது பாக்கெட்

வணிகவியல் படித்தவர்கள் எழுதும் போட்டித் தேர்வுகளில் ஒரு வகைக் கேள்வி அடிக்கடி தலைகாட்டும். ஆறேழு வரிகளில் ஒரு செலவுப் பட்டியல் படமாக இருக்கும். எத்தனை பொருள் விற்றால் லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் கை கடிக்காது என்று கேட்டிருப்பார்கள். கீழே நான்கு எண்கள் இருக்கும். யூ.ஜி.சி. நெட் வணிகவியல் தாளில் செலவுக் கணக்கியல் ஒரு பகுதி. சி.ஏ. இன்டர்மீடியட் தேர்விலும் 2024 மே முதல் 30 விழுக்காடு மதிப்பெண் இப்படி விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குத்தான்.

இந்தக் கேள்விகளுக்கான சூத்திரம் ஒரே வரிதான். அதை எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறார்கள். அப்படியும் பலர் தவறுகிறார்கள் என்றால், தவறு வகுத்தலில் நேர்வதில்லை, பட்டியலைப் படிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. நன்றாக அமைத்த கேள்வியில் தவறான விடைகள் மனம்போன போக்கில் போட்ட எண்களும் அல்ல. மாணவர் எங்கே சறுக்குவார் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தச் சறுக்கலோடு கணக்கைப் போட்டு, வந்த எண்ணையே ஒரு விடையாக வைத்திருப்பார்கள். அதனால்தான் தப்பாகக் கணக்குப் போட்டவருக்கும் தன் விடை பட்டியலில் இருக்கும். 'சரியாகத்தான் போட்டிருக்கிறோம்' என்று நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஒரு கேள்வியை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கடலை மிட்டாய் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடம் என்று வைத்துக்கொள்வோம்.

| விவரம் (மாதம் 10,000 பாக்கெட் உற்பத்தி அளவில்) | தொகை |
|---|---|
| விற்பனை விலை, பாக்கெட்டுக்கு | ரூ. 50 |
| நிலக்கடலை, வெல்லம், பாக்கெட்டுக்கு | ரூ. 22 |
| கூலி (செய்த எண்ணிக்கைக்கு), பாக்கெட்டுக்கு | ரூ. 6 |
| உறை, பாக்கெட்டுக்கு | ரூ. 2 |
| நிலையான உற்பத்திச் செலவு, பாக்கெட்டுக்கு | ரூ. 6 |
| நிர்வாகச் செலவு, மாதத்துக்கு | ரூ. 30,000 |
| விற்பனைக் கமிஷன் | விலையில் 10% |

மாதம் எத்தனை பாக்கெட் விற்றால் லாப நட்டம் இல்லை?

அ) 3,334  ஆ) 4,500  இ) 6,000  ஈ) 10,000

முதல் வேலை, செலவுகளை இரண்டு கூறாகப் பிரிப்பது. ஒரு பாக்கெட் கூடச் செய்தால் கூடுகிற செலவு மாறும் செலவு. பத்துப் பாக்கெட் செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் மாதக் கடைசியில் அதே தொகையாக நிற்பது நிலையான செலவு. பெயரைப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது. கூலி என்ற சொல் இருந்தாலே மாறும் செலவு என்று எழுதுவது பலருக்குப் பழக்கம். இங்கே செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அது சரி. அதே ஆட்களுக்கு மாதச் சம்பளம் என்றிருந்தால், அது நிலையான செலவின் பக்கம் போயிருக்கும்.

கடலையும் வெல்லமும் 22, கூலி 6, உறை 2, ஆக 30 ரூபாய். கமிஷன் விற்பனையோடு சேர்ந்து ஏறுவது, 50 ரூபாயில் 10 விழுக்காடு 5 ரூபாய். மொத்த மாறும் செலவு 35 ரூபாய். விலையில் இது போக மிஞ்சுவது 15 ரூபாய். பாடப் புத்தகம் இதைப் பங்களிப்பு என்கிறது. விற்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் வாடகை, சம்பளம் போன்ற மாதச் சுமையை அடைக்க 15 ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறது என்று பொருள். சுமை அடைபட்ட பிறகு வரும் ஒவ்வொரு 15 ரூபாயும் லாபம்.

மாதச் சுமை எவ்வளவு? நிர்வாகச் செலவு 30,000 என்று நேராகவே இருக்கிறது. நிலையான உற்பத்திச் செலவு மட்டும் 'பாக்கெட்டுக்கு ரூ. 6' என்று வேடம் போட்டு நிற்கிறது. கேள்வியின் முடிச்சு இந்த வரியில்தான். உண்மையில் அது மாதம் 60,000 ரூபாய். பத்தாயிரம் பாக்கெட்டுக்குப் பங்கிட்டதால் ஆறாகத் தெரிகிறது. ஐயாயிரம் பாக்கெட் மட்டும் செய்தால் அதே செலவு பாக்கெட்டுக்கு 12 ரூபாயாகிவிடும். எந்த அளவில் பங்கிட்டார்கள் என்பதைச் சொல்வது அட்டவணையின் தலைப்பில் அடைப்புக்குள் இருக்கும் வரி. கண் நேரே எண்களுக்குப் போவதால் அதைப் பலர் படிப்பதே இல்லை. ஆறைப் பத்தாயிரத்தால் பெருக்கி மொத்தத் தொகைக்குத் திரும்பினால் 60,000. நிர்வாகச் செலவையும் சேர்த்தால் 90,000. அதை 15-ஆல் வகுத்தால் 6,000 பாக்கெட். விடை இ.

மற்ற மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன? கமிஷனை மறந்துவிட்டால் பங்களிப்பு 20 ரூபாயாகத் தெரியும். 90,000-ஐ 20-ஆல் வகுத்தால் 4,500. ஆறு ரூபாயை மாறும் செலவு என்றே நம்பிவிட்டால் பங்களிப்பு 9 ரூபாய், நிலையான செலவு 30,000 மட்டும். வகுத்தால் 3,333 சொச்சம், முழு எண்ணாக 3,334. மூன்றாவதுதான் கெட்டிக்காரரையும் கவிழ்ப்பது. நிலையான செலவு மொத்தம் 90,000 என்று சரியாகவே கண்டுபிடித்தவர், பாக்கெட் செலவைக் கூட்டும்போது அந்த ஆறு ரூபாயையும் விடாமல் சேர்த்துவிடுகிறார். ஒரே செலவு இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. 90,000-ஐ 9-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 10,000 வரும். அட்டவணைத் தலைப்பிலும் அதே எண் இருப்பதால் சந்தேகமே எழாது.

இத்தனை சறுக்கல்களிலிருந்தும் தப்பிக்க, சூத்திரத்தை மறந்துவிட்டு, தேர்ந்தெடுத்த விடையில் லாபத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் போதும். 6,000 பாக்கெட்டுக்கு வரவு 3,00,000. மாறும் செலவு 2,10,000. மாதச் சுமை 90,000. மிச்சம் பூஜ்யம். 4,500 என்று குறித்தவர் இப்படிச் சோதித்தால், பட்டியலை மறுபடி வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கும். அப்போது கமிஷன் கண்ணில் படும், 22,500 ரூபாய் நட்டமும் தெரியும். சோதிக்கும்போது முதலில் எழுதிய எண்களையே எடுத்துப் போட்டால் பலன் இல்லை, பழைய தவறு அப்படியே கூட வரும்.

இதே அட்டவணையை வைத்து அடுத்த கேள்வியும் வரும். போட்டி காரணமாக விலையை 10 விழுக்காடு குறைக்கிறார்கள், இப்போது எத்தனை பாக்கெட் விற்க வேண்டும்? விலை 45 ரூபாய் ஆகிறது. பங்களிப்பும் 5 ரூபாய் குறைந்து 10 ஆகிவிட்டது, ஆகவே 9,000 என்று சொல்லத் தோன்றும். அந்த எண்ணும் விடைப் பட்டியலில் இருக்கும். கமிஷன் விலையைப் பின்தொடர்வது. அது 4 ரூபாய் 50 காசாக இறங்கும். பங்களிப்பு 10 ரூபாய் 50 காசு. வகுத்தால் 8,571 சொச்சம். அரையும் காலுமாகப் பாக்கெட் விற்க முடியாது. 8,571-இல் இன்னும் நாலரை ரூபாய் நட்டம் இருக்கிறது. எனவே பின்னம் எவ்வளவு சிறியதானாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற வேண்டும், விடை 8,572.

இந்த எண் வியாபாரிக்கும் ஒரு செய்தி சொல்கிறது. பத்து விழுக்காடு விலைக் குறைப்பு, கை கடிக்காமல் இருக்க விற்க வேண்டிய அளவை 6,000-இலிருந்து 8,572-க்கு, அதாவது ஏறத்தாழ 43 விழுக்காடு உயர்த்திவிட்டது. விலை ஐந்து ரூபாய்தான் குறைந்தது. ஆனால் பதினைந்து ரூபாய் பங்களிப்பில் நாலரை ரூபாய் போய்விட்டது. பங்களிப்பு மெலிந்திருக்கும் தொழிலில் தள்ளுபடி அறிவிக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

இந்தக் கணக்குகளுக்குள் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் உண்டு. செய்ததெல்லாம் அந்த மாதமே விற்றுவிடுகிறது என்பதுதான் அது. நம் தொழிற்கூடம் 10,000 பாக்கெட் செய்து 6,000 மட்டும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இதுவரை போட்ட கணக்குப்படி லாபம் பூஜ்யம். ஆனால் நிலையான உற்பத்திச் செலவையும் சரக்கின் அடக்க விலையில் சேர்க்கும் வழக்கமான முறையில், கிடங்கில் மிஞ்சிய 4,000 பாக்கெட்டும் ஆளுக்கு 6 ரூபாயைச் சுமந்துகொண்டு அடுத்த மாதத்துக்குப் போகும். 24,000 ரூபாய் செலவு இந்த மாதக் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. ஏடு 24,000 ரூபாய் லாபம் காட்டும். ஒரு பாக்கெட்கூட அதிகமாக விற்கவில்லை, கிடங்கு நிறைந்ததுதான் மிச்சம்.

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவில் ஜோனதன் ஹாரிஸ் என்ற நிறுவனக் கணக்கு அதிகாரி 1936-இல் எழுதினார். விற்பனை கூடியிருக்க, லாபம் குறைந்திருக்கிறது, இது எப்படி என்று மேலிடம் கேட்கிறது. உற்பத்தி குறைந்த மாதத்தில் நிலையான செலவைச் சுமக்கப் போதிய சரக்கு இல்லாமல் போனதே காரணம். நிலையான செலவைச் சரக்கின் மேல் ஏற்றாமல் அந்தந்த மாதத்திலேயே கழித்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். நாம் இங்கே செலவை இரண்டு கூறாகப் பிரித்துப் போட்ட முறைக்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியமான தொடக்கம். இருந்தாலும் வெளியாருக்குக் காட்டும் ஆண்டறிக்கையில் பழைய முறையே நிலைத்திருக்கிறது. இந்தியக் கணக்கியல் விதிகளும் நிலையான உற்பத்திச் செலவைச் சரக்கின் மதிப்பில் சேர்க்கத்தான் சொல்கின்றன.

ஆகவே, கேள்வியில் 'உற்பத்தி' ஓர் எண்ணாகவும் 'விற்பனை' வேறு எண்ணாகவும் இருந்தால் பேனாவை எடுக்குமுன் எந்த முறையில் லாபம் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே அட்டவணை ஒரு முறைக்குப் பூஜ்யத்தையும் இன்னொரு முறைக்கு 24,000 ரூபாயையும் விடையாகத் தரும். தொழில் நடத்துகிறவர் விஷயத்தில் இன்னும் ஒரு படி கூட. அடுப்பு ஒன்று கூடுதலாகப் போட்டாலோ, இரண்டாவது ஷிப்ட் தொடங்கினாலோ 90,000 என்ற சுமை ஒரே தாவலில் ஏறிவிடும். அன்றோடு 6,000 என்ற விடை காலாவதி. கேள்வித்தாளில் அந்த எண் நிலையாக நிற்கும். கடையில் செலவு மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட வேண்டும்.