வங்கிக்கு ஒரு கடிதம்

பைக்காரா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள விடுதி ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்த என் முன்னாள் மாணவர் ஒருவர், அண்மையில் ஒரு கடிதத்தின் வரைவுடன் வந்தார். விடுதி மூடப்பட்டு, ஒரு மாத முன்னறிவிப்புடன் வேலை போய்விட்டது. வீட்டுக் கடனின் மாதத் தவணையைக் குறைக்கும்படி வங்கியிடம் கேட்கிறார். இரண்டு பக்கங்களில் குடும்பத்தின் துயரமெல்லாம் இருந்தது. எவ்வளவு கட்ட முடியும் என்ற ஓர் எண் மட்டும் இல்லை.

அந்த எண்ணில்தான் கடிதத்தின் உயிர் இருக்கிறது. ஏனென்று அறிய, வங்கியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அந்தக் கணக்கு வாராக்கடன். அதற்கெனத் தன் லாபத்திலிருந்து வங்கி பணம் ஒதுக்க வேண்டும். ஆனால், நிதி நெருக்கடியில் இருப்பவருக்குக் கடன் நிபந்தனைகளைத் தளர்த்தினாலும், ரிசர்வ் வங்கியின் பொது விதிப்படி அந்தக் கணக்கு பெரும்பாலும் வாராக்கடன் வகைக்கே இறங்கும்.

கரோனா காலத்தில் இதற்கு விலக்கு இருந்தது. சுற்றுலா முடங்கி, நீலகிரியில் பலர் வருமானம் இழந்த அந்த நாள்களில், 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதியும், பின்னர் 2021 மே 5-ஆம் தேதியும் ரிசர்வ் வங்கி அறிவித்த திட்டங்களின்படி, தனிநபர் கடனைத் திருத்தியமைத்தும் கணக்கை நல்ல கணக்காகவே வைத்திருக்க முடிந்தது. அந்த வாய்ப்புகள் 2021-லேயே முடிந்துவிட்டன. ஆகவே, இன்று மேலாளர் தயங்குவதற்கு இரக்கமின்மை காரணமன்று. புதிய தவணையும் தவறாது என்று அவரை நம்பவைப்பதே கடிதத்தின் வேலை.

மாணவரின் கணக்கையே பார்ப்போம். நிலுவை அசல் 12 லட்சம் ரூபாய். வட்டி 9 சதவீதம். மீதமுள்ள காலம் பத்தாண்டுகள். தவணை ஏறத்தாழ 15,200 ரூபாய். வேலை போன பிறகு, தற்காலிக வேலையும் மனைவியின் தையலும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 13,500 போக, மிஞ்சுவது 10,500.

காலத்தைப் பதினைந்து ஆண்டுகளாக நீட்டினால் தவணை 12,170 ஆகக் குறையும்; இருபது ஆண்டுகளானால் 10,800. இருபதாண்டுத் தவணையும் சற்றே எட்டாது. மேலும் அவருக்கு வயது 44, அவருடைய வங்கியோ 60 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்கிறது. இன்னொரு எல்லையும் உண்டு: முதல் மாத வட்டியே 9,000 ரூபாய். காலத்தை எவ்வளவு நீட்டினாலும் தவணை அதற்குக் கீழே போகாது.

எனவே, கடிதத்தை இப்படித் திருத்தினோம்: ஆறு மாதங்களுக்கு வட்டி 9,000 மட்டும், அதன் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மாதம் 12,170. ஆறு மாதங்களுக்குப் பின் குன்னூரில் 27,000 ரூபாய் சம்பளத்தில் சேர அவருக்கு எழுத்துபூர்வமான அழைப்பு இருக்கிறது; அதே செலவு போக 13,500 மிஞ்சும். பணிநீக்க ஆணை, கடைசிச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், குன்னூர் அழைப்புக் கடிதம் ஆகியவை இணைப்பு. துயரத்துக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இதற்கு விலையும் உண்டு. மொத்த வட்டி ஏறத்தாழ 4.2 லட்சம் ரூபாய் கூடுகிறது. மறுசீரமைக்கப்பட்ட கடன் என்ற குறிப்பு அவருடைய கடன் வரலாற்றில் பதிவாகும். அடுத்த கடன் எளிதில் கிடைக்காது. அதனால்தான், வருமானம் மீண்டதும் முன்கூட்டியே அசலைச் செலுத்துமாறு அவரிடம் சொன்னேன்.

கடிதத்தின் தேதியும் முக்கியம். இதுவரை சேமிப்பிலிருந்து கட்டிவந்தவர், முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடிதத்தைக் கொடுக்கிறார். ஒருநாளும் தவறாத கணக்கே அவருடைய சிறந்த சான்று. ஆனால், கடிதம் கொடுத்துவிட்டதால் நாள் கணக்கு நிற்காது. பதில் வரும்வரை முடிந்த தொகையைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நகலில் முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். 30 நாள்களில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஆனால், கடனைத் திருத்தியமைப்பது வங்கியின் வணிக முடிவு. அதைச் செய் என்று அவர் கட்டளையிட முடியாது. பதிலே தராத அலட்சியத்தைத்தான் அங்கே கேள்வி கேட்கலாம்.

வங்கி மறுக்கவும் கூடும். அப்போது வீட்டை விற்பதா, நகையை விற்று அசலைக் குறைப்பதா என்ற கடினமான கேள்வி எழும். அதைத் தவணை தவறாத நிலையிலேயே, சொந்த விருப்பத்தில் தீர்மானிப்பது ஒன்று. வாராக்கடனான பிறகு, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வரும் 60 நாள் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிப்பது வேறொன்று. உரிய நேரத்தில் எழுதிய கடிதம் வேறெதையும் பெற்றுத் தராவிட்டாலும், அந்த அவகாசத்தையாவது பெற்றுத் தருகிறது.