கட்-அவுட் அட்டைப்படம்: அந்த வெள்ளைக் கோடு எங்கிருந்து வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறேன்.)

இந்த வாரம் ஒரே ஒரு கேள்விதான். கல்லூரி ஆண்டு மலருக்கு அட்டை டிசைன் பண்ற ஒருத்தர் கேட்டிருந்தார்: "ஒரு ஆளோட போட்டோவைக் கட் பண்ணி அடர்நீல பேக்ரவுண்ட்ல வெச்சேன். ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சு. பிரிண்ட் ஆகி வந்ததும் முடி ஓரம் முழுக்க வெள்ளையா ஒரு கோடு. இன்னும் கவனமா கட் பண்ணியிருக்கணுமா?"

எவ்வளவு கவனமா கட் பண்ணினாலும் அந்தக் கோடு வரும். ஏன்னு புரிஞ்சுட்டா சரி பண்றது கஷ்டமில்லை.

ஓரத்து பிக்சலில் ரெண்டு பேர் இருக்காங்க

போட்டோல ஆளும் சுவரும் சேர்ற இடத்துல, ஒரு பிக்சல் முழுசா முடியும் கிடையாது, முழுசா சுவரும் கிடையாது. பாதி முடி, பாதி சுவர்னு கலந்து ஒரே நிறமா பதிவாகியிருக்கும். கறுப்பு முடியோட வெளிச்ச அளவு 30, வெள்ளைச் சுவரோடது 240ன்னு வெச்சுக்குவோம். 0ன்னா முழுக் கறுப்பு, 255ன்னா முழு வெள்ளை. பாதிப் பாதி கலந்த பிக்சல் இப்படி வரும்:

```
0.5 × 30 + 0.5 × 240 = 135
```

இப்ப நீங்க மாஸ்க் போட்டு, அந்த பிக்சலைச் சரியா 50 சதவீதம் மட்டும் தெரியுற மாதிரி வெச்சுட்டீங்க. பின்னாடி வெளிச்ச அளவு 40 இருக்கிற அடர்நீலம். என்ன கிடைக்குது?

```
வந்தது:        0.5 × 135 + 0.5 × 40 = 87.5
வரவேண்டியது:  0.5 × 30  + 0.5 × 40 = 35
```

மாஸ்க் துல்லியமா இருந்தும் 35 வரவேண்டிய இடத்துல 87.5 வருது. அதுதான் அந்த வெள்ளைக் கோடு. மாஸ்க் "எவ்வளவு தெரியணும்"னு மட்டும்தான் சொல்லும். பிக்சலுக்குள்ள ஏற்கெனவே கலந்துபோன சுவர் நிறத்தை அதால எடுக்க முடியாது. அதனால வடிவத்தைத் தனியா, நிறத்தைத் தனியா சரி பண்ணணும்.

முதலில் வடிவம்

நான் GIMP வெச்சு சொல்றேன். மற்ற சாஃப்ட்வேர்லயும் வழி இதேதான். சட்டை, தோள், கை மாதிரி தெளிவான ஓரங்களுக்கு `Paths` டூல். புள்ளிகளைக் கொஞ்சமா வெச்சு வளைவுகளை இழுத்து விடுங்க. புள்ளி அதிகமானா ஓரம் நடுங்கின மாதிரி தெரியும். சுத்தி முடிச்சதும் அதை செலக்‌ஷனாக மாத்தி, `Select > Shrink`ல 1 பிக்சல் உள்ளே தள்ளுங்க. 300 டிபிஐ-ல அச்சடிக்கும்போது 1 பிக்சல்ங்கிறது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. தோள் அவ்வளவு மெலிஞ்சதை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆனா சுவர் அதிகமா கலந்த பிக்சல்கள் அதுலயே போயிடும்.

அப்புறம் `Layer > Mask`ல போய், அந்த செலக்‌ஷனை வெச்சு மாஸ்க் சேருங்க. எரேசர் வேண்டாம். எரேசர் அழிச்சது போனதுதான்; மாஸ்க்ல கறுப்பு பூசினா மறையும், வெள்ளை பூசினா திரும்ப வரும்.

அப்புறம் நிறம்

முடிக்கு இந்த 1 பிக்சல் வித்தை பத்தாது. உள்ளே தள்ளத் தள்ள, தலைக்குத் தொப்பி போட்ட மாதிரி ஆயிடும். அங்க மாஸ்க்கைத் தொடாதீங்க. லேயர் வரிசையில மாஸ்க்குக்குப் பக்கத்துல இருக்கிற படத்தைக் கிளிக் பண்ணுங்க. இனி நீங்க பூசுறது போட்டோ மேல விழும், மாஸ்க் மேல இல்ல. குளோன் டூல் எடுத்து, கொஞ்சம் உள்ளே இருக்கிற சுத்தமான முடியை `Ctrl` அழுத்திக் கிளிக் பண்ணி, ஓரத்தைத் தாண்டி வெளியே வரைக்கும் தாராளமா பூசுங்க. வெளியே போறதை மாஸ்க் மறைச்சுடும். இப்ப ஓரத்து பிக்சல் 135லேர்ந்து 30 பக்கம் வந்துடுது. கணக்கு 35க்கு இறங்குது, கோடு காணாமப் போகுது.

தனியா பறக்கிற ஒத்தை முடிகளைக் கட் பண்ண முயற்சி பண்ணாதீங்க. எல்லாத்தையும் மறைச்சுட்டு, மேல ஒரு புது லேயர்ல 2, 3 பிக்சல் பிரஷ்ல நாலஞ்சு முடி வரைஞ்சா போதும்.

சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்? ஆளுக்குப் பின்னாடி ஒரு லேயரை முழுக் கறுப்பாக்கிப் பாருங்க, அப்புறம் முழு வெள்ளையாக்கிப் பாருங்க. சாதாரண பேக்ரவுண்ட்ல ஒளிஞ்சிருக்கிற கோடு இந்த ரெண்டுல ஒண்ணுல கண்டிப்பா மாட்டும்.

இன்னும் போட்டோ எடுக்கலைன்னா வேலை பாதியாகும். அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்க: பழைய சுவரும் புது பேக்ரவுண்டும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சமா இருந்தா, தப்பு தானாவே சின்னதாயிடும். அடர்நீல அட்டைன்னா அடர்ந்த துணிக்கு முன்னாடி நிக்க வைங்க. வெள்ளைச் சுவர்தான் இருக்குன்னா அட்டை பேக்ரவுண்டை வெளிர் நிறமா வைங்க. ரெண்டுலயும் ஆள் சுவரைவிட்டு ஒண்ணரை, ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும். இல்லைன்னா நிழலும் ஓரத்துல சேர்ந்துக்கும்.

தலைப்புக்கு இடம்

ஆளை நடுவுல வெச்சுட்டு மிச்ச இடத்துல எழுத்தைத் திணிக்கிறதுதான் பலரும் பண்றது. முதல்ல எழுத்துக்கு இடம் பிரிச்சுடுங்க. ஏ4 அட்டை 210 × 297 மி.மீ. நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. கூட்டினா 216 × 303. 300 டிபிஐ-ல அது 2551 × 3579 பிக்சல். இதுல இடது பக்கம் 125 மி.மீ. ஆளுக்கு, 5 இடைவெளி, 70 தலைப்புகளுக்கு, வலது ஓரம் 10. அந்த 70க்குள்ள முழங்கை வரக் கூடாது. ஆளோட உடம்பு கீழே அந்த 3 மி.மீ. தாண்டிப் போகணும், பக்கத்துக்குள்ளயே முடிஞ்சா அந்தரத்துல மிதக்கிற மாதிரி இருக்கும்.

லேயர் வரிசை கீழிருந்து மேலே: பேக்ரவுண்ட், மலரோட பேர், ஆள், தலைப்புகள். பேருக்கு மேல ஆள் இருக்கிறதால தலை பேரோட ஒரு பகுதியை மறைக்கும். கட்-அவுட் அட்டைக்கு அந்த ஆழத்தைக் கொடுக்கிறதே இதுதான்.

தமிழ்ல இங்க ஒரு சிக்கல் இருக்கு. தலை கீழேயிருந்து ஏறி வருது, அதனால எழுத்தோட அடிப்பாகம்தான் மறையும். மலரோட பேர் "விழுது"ன்னு வெச்சுக்குவோம். ஆளை நடுவுல வெச்சா "ழு"வோட கீழ்ச்சுழி மறைஞ்சு "விழது"ன்னு படிக்கும். வலது பக்கம் வெச்சா "து" கெடும். "வி"ல கொக்கி மேலே இருக்கு. அடியில கொஞ்சம் மறைஞ்சாலும் வாசிக்கலாம். அதனாலதான் மேலே ஆளை இடது பக்கம் வெச்சோம். உங்க பேர்ல எந்த எழுத்தோட அடையாளம் மேலே இருக்குன்னு பார்த்து, தலையை அதுக்குக் கீழே கொண்டு வாங்க. அப்பவும் அந்த எழுத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல மறைக்க வேண்டாம்.

அச்சகத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி சாதாரண பிரிண்டர்ல ஒரு ஏ4 எடுத்துச் சுவர்ல ஒட்டுங்க. ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு பேரும் முதல் தலைப்பும் படிக்க முடியுதான்னு பாருங்க, கிட்ட வந்து முடி ஓரத்தைப் பாருங்க. ரெண்டும் சரின்னா ஃபைலை அனுப்பலாம்.

அடுத்த எபிசோடுல, ஸ்கிரீன்ல பார்த்த நீலம் அச்சுல ஏன் மங்கலா வருதுன்னு பேசுவோம்.