திருச்சூரில் 14 நாள்: மலையாளம் பழகத் திட்டமிடுவது எப்படி?

கேரளத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்த தமிழர்களில், "மலையாளம் புரியும், பேச வராது" என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. நாம் தமிழில் கேட்டால் அங்குள்ள கடைக்காரருக்குப் புரிந்துவிடுகிறது. தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய அவர் பதிலையும் தமிழ் கலந்தே சொல்கிறார். வேலை நடந்துவிடுவதால் மலையாளம் பேச வேண்டிய அவசியம் வருவதே இல்லை. அந்த ஊரில் போய் இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்த்துப்போகிறது.

ரிச்சர்ட் ஷ்மிட் என்ற அமெரிக்க மொழியியலாளர் பிரேசிலில் ஐந்து மாதம்போல் தங்கிப் போர்ச்சுகீசியம் கற்றார். தினமும் நாட்குறிப்பு எழுதினார். தம் உரையாடல்களை அவ்வப்போது பதிவும் செய்தார். சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து 1986-இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியது. காதில் விழுந்ததெல்லாம் அவர் பேச்சில் வரவில்லை. பிறர் பேசும்போது எந்த வடிவத்தை அவர் கவனித்து உணர்ந்தாரோ, பெரும்பாலும் அதுதான் வந்தது. மற்றவர்கள் திருத்திச் சொன்னபோதும், அது திருத்தம் என்று அவருக்கு உறைக்காத இடங்களில் பயன் இருக்கவில்லை. ஆகவே இரண்டு வாரம் ஓர் ஊரில் தங்கி மொழி பழகப் போகிறவர் இரண்டு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். ஒரே மாதிரியான பேச்சு தினமும் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். அன்றன்று நடந்ததை அன்று இரவே உட்கார்ந்து கவனிக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் இருக்கும் வங்கி அலுவலர் ஒருவருக்குக் கேரளக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. சேர்வதற்கு முன் 14 நாள் விடுப்பு இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு அவருக்கு வேண்டாம். அங்கே தமிழ் பேசுவோர் அதிகம். திருச்சூர் நல்ல தேர்வு. விடுதியில் அறை எடுத்தால் பேச ஆள் இருக்காது. ஒரு குடும்பத்தோடு பணம் கொடுத்துத் தங்கும் ஏற்பாடு வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரம் பேச்சுப் பயிற்சி தர ஓர் ஆசிரியரும் வேண்டும்; ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள். இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அங்கே போய்த் தேடினால் முதல் மூன்று நாள் அதிலேயே கரையும்.

எழுத்தையும் ஊரிலேயே கற்றுக்கொண்டு போவது நல்லது. தினம் அரை மணி ஒதுக்கினால் மூன்று வாரத்தில் பஸ் பலகையைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க வந்துவிடும். புத்தகத்தை வைத்துத் தனியாகச் செய்யக்கூடிய வேலைக்கு அந்த ஊரின் நாட்களைச் செலவிடக் கூடாது.

அடுத்தது இலக்கு. 'மலையாளம் நன்றாகப் பேச வேண்டும்' என்பதை இலக்காக வைத்தால், அடைந்தோமா இல்லையா என்று சொல்லவே முடியாது. செய்து காட்டக்கூடிய காரியமாக இலக்கு இருக்க வேண்டும். நம் வங்கி அலுவலருக்கு மூன்று போதும். கடை, பஸ், ஓட்டல் ஆகியவற்றில் தமிழுக்குத் தாவாமல் காரியத்தை முடிப்பது முதலாவது. தன் குடும்பம், வேலை பற்றி ஐந்து நிமிடம் பேசுவது இரண்டாவது. ஏ.டி.எம். கார்டைத் தொலைத்துவிட்டு வரும் வாடிக்கையாளரிடம் விவரம் கேட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவது மூன்றாவது. பத்திரிகையைச் சரளமாக வாசிப்பது, படத்தை வசன எழுத்து இல்லாமல் பார்ப்பது எல்லாம் இந்த 14 நாளின் கணக்கில் வராது.

போய்ச் சேர்ந்த முதல் நாளே, 'நேற்று என்ன செய்தேன்' என்று இரண்டு நிமிடம் தெரிந்த மலையாளத்தில் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு திக்கினாலும் அழிக்கக் கூடாது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் அளவுகோல்.

ஒரு நாளின் ஒழுங்கு இப்படி இருக்கலாம். காலை 7 மணிக்குத் தினமும் ஒரே டீக்கடை. 9 முதல் 10.30 வரை ஆசிரியரோடு பயிற்சி. அதன்பின் அன்றைக்கென ஒரு வெளிவேலை: ஒரு நாள் சக்தன் மார்க்கெட்டில் காய்கறி, ஒரு நாள் தபால் அலுவலகம், ஒரு நாள் மருந்துக் கடை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் முழு ஓய்வு. புதிய மொழியை நாள் முழுதும் கேட்பது தலையை வெகுவாகக் களைக்கச் செய்யும் என்பதால் இதை விடக் கூடாது. மாலையில் வடக்குநாதன் கோயிலைச் சுற்றியுள்ள தேக்கின்காடு மைதானம். அங்கே சீட்டும் செஸ்ஸும் ஆடும் பெரியவர்கள் கூடுவார்கள். இரவில் முக்கால் மணி நேரம் நோட்டு. வீட்டுக்குத் தமிழில் பேசுவதற்கு ஒரு நேரம் குறித்துக்கொண்டு அதற்குள் முடித்துவிட வேண்டும். தமிழ்ப் பாட்டும் தமிழ்க் காணொளியும் இந்த இரண்டு வாரம் ஒதுங்கி இருக்கட்டும்.

டீக்கடைக்கு ஏன் தினமும் போக வேண்டும்? "சேட்டா, ஒரு சாய. மதுரம் குறச்சு" என்று சர்க்கரை குறைத்துக் கேட்கிறார் நம்மவர். "கழிக்கான் எந்தா வேண்டது?" என்று பதில் கேள்வி வருகிறது. சாப்பிட என்ன வேண்டும் என்று பொருள். முதல் நாள் அது வேகத்தில் ஒரே ஓசையாகக் காதில் விழும், புரியாமல் விழிப்பார். கடைக்காரர் உடனே தமிழில் கேட்டுவிடுவார். அன்று இரவு அதை நோட்டில் எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மூன்றாம் நாள் அதே கேள்வி தனித்தனிச் சொற்களாகக் கேட்கிறது. "ஒரு பரிப்புவட மதி" என்று சொல்ல முடிகிறது. கடை மாறிக்கொண்டே இருந்தால் இந்த முன்னேற்றத்துக்கு வாய்ப்பே இல்லை. ஆசிரியர் 'எந்தாண்' என்று சொல்லிக்கொடுத்ததைத் திருச்சூர்க்காரர் 'எந்தூட்டா' என்பார். இதையும் டீக்கடையில்தான் கற்க முடியும்.

தமிழில் பதில் சொல்பவர்களுக்காக ஒரு வாக்கியத்தை முதல் நாளே மனப்பாடம் செய்துவிட வேண்டும்: "ஞான் மலையாளம் படிக்குகயாண், மலையாளத்தில் பறஞ்ஞால் மதி." மலையாளம் கற்றுக்கொண்டிருக்கிறேன், மலையாளத்திலேயே சொன்னால் போதும் என்பது இதன் பொருள். சிரித்த முகத்தோடு சொன்னால் பெரும்பாலோர் வேகத்தைக் குறைத்து உதவுவார்கள். கூடவே "ஒந்நுகூடி பறயாமோ?" என்று இன்னொரு முறை சொல்லும்படி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இரவு நோட்டில் மூன்று பகுதிகள் போதும். சொல்ல நினைத்துச் சொல்ல வராதவை. பிறர் சொல்லிப் புரியாதவை, கேட்ட ஓசைப்படியே. நாளைக்குப் பேச்சில் பயன்படுத்தப்போகும் ஐந்து வாக்கியங்கள். ஐந்துக்கு மேல் எழுதினால் எதுவும் நாவுக்கு வராது.

தமிழர்கள் செய்யும் தவறுகள் சில வாரம் முழுக்க நோட்டில் திரும்பத் திரும்ப வரும். 'இது என் மகன்' என்பது தமிழில் முழு வாக்கியம். மலையாளத்தில் 'இது என்டெ மகனாண்' என்று 'ஆண்' சேர வேண்டும். நாம் அதை விட்டுவிடுவோம். போனேன், போனான், போனார்கள் என்று நம் வினை ஆளைக் காட்டும். அங்கே ஞானும் 'போயி', அவனும் 'போயி', அவரும் 'போயி'. சொல்லின் முடிவைக் கேட்டு ஆளை அறியும் நம் காது அங்கே தடுமாறும். ஐயம் வந்தால் "ஆரு?" என்று கேட்டுவிடுவதே வழி. நம் 'நீங்கள்' மரியாதைச் சொல். ஆனால் திருச்சூர்ப் பக்கம் பெரியவர்களை 'நிங்ஙள்' என்று கூப்பிட்டால் விறைப்பாகக் கேட்கும். சேட்டன், சேச்சி, சார் என்று சொல்வதே வழக்கம்.

நான்காம், ஐந்தாம் நாளில் களைப்பு வரும். எது சொன்னாலும் "ஆ, ஆ" என்று தலையாட்டத் தொடங்கினால் அதுதான் அறிகுறி. புரியாததைக் கேட்காமல் விடுகிறோம் என்று பொருள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது இதற்கு மருந்து: "அப்போ நாளெ பத்து மணிக்கு, அல்லே?" தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மிகவும் சோர்ந்த நாளில் வெளிவேலையை விட்டுவிடலாம். நோட்டை மட்டும் விடக் கூடாது.

ஏழாம் நாள் அரை நாள் வெளியே போகாமல் நோட்டைப் புரட்ட வேண்டும். 'நேற்று என்ன செய்தேன்' என்று மீண்டும் பதிவு செய்து முதல் பதிவோடு சேர்த்து ஆசிரியரையும் கேட்கச் சொல்ல வேண்டும். எத்தனை சொல் கற்றோம் என்ற கணக்கு தேவையில்லை. எங்கே நின்றுபோகிறோம் என்று பார்க்க வேண்டும். நம் அலுவலர் விஷயத்தில் கடைப் பேச்சு தேறிவிட்டது. ஆனால் யாராவது எண்களை வேகமாகச் சொன்னால் தவறவிடுகிறார். கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் கேட்டு எழுதும் வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய குறை. ஆகவே இரண்டாம் வாரத் திட்டம் மாறுகிறது. தினமும் ஆசிரியர் இருபது எண்களைச் சொல்ல, இவர் எழுதுகிறார். அடுத்து ஆசிரியரே கார்டைத் தொலைத்த வாடிக்கையாளராகிறார். ஒரு நாள் பொறுமையாக, ஒரு நாள் கோபமாக, ஒரு நாள் விவரத்தை முன்பின் மாற்றிச் சொல்கிறார். அதோடு பஸ் நிலையம், கேஸ் ஏஜென்சி என்று தினம் ஒரு இடத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார். முகமும் கையசைவும் தெரியாததால் தொலைபேசிப் பேச்சுதான் கடினமான சோதனை.

பதினான்காம் நாள் மூன்றாம் பதிவு. மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது வந்தது, எது வரவில்லை என்பது விளங்கிவிடும். அன்றே அடுத்த மாதத்துக்கான ஏற்பாட்டையும் முடிக்க வேண்டும்: வாரத்துக்கு இரண்டு முறை அதே ஆசிரியரோடு அரை மணி நேரத் தொலைபேசிப் பேச்சு. பழக்கம் விட்டுப்போனால் இரண்டு வாரத்தில் வந்தது அதே வேகத்தில் மங்கிவிடும்.

இந்த இரண்டு வாரம் யாரையும் மலையாளியைப்போல் பேசவைக்காது. ஆனால் கார்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பவரிடம் தமிழுக்குத் தாவாமல் பேசி முடித்து அனுப்பும் அளவுக்குக் கொண்டுவரும். மேலே கற்பதற்கு அது போதுமான அடித்தளம். நீங்களும் இப்படிப் போக நினைத்தால் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் மூன்று இலக்குகளை எழுதுங்கள். தங்கும் வீட்டையும் ஆசிரியரையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு தேதியைக் குறிக்கலாம்.