கடல் தாண்டியும் வரும் பென்ஷன்

உயிரோடு இருக்கும் மனிதர், தாம் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும்! வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பென்ஷன் வாங்குவோருக்கு இது ஆண்டுதோறும் வரும் கடமை.

தருமபுரி மாவட்டம் அரூரில், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை நினைத்துக் கொள்ளுங்கள். வயது 72. பென்ஷன் அரூர் பாங்கிக் கணக்கில் விழுகிறது. செப்டம்பரில் சிங்கப்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போனவர் பொங்கலுக்குத்தான் திரும்புவார். இடையில் நவம்பர் வந்துவிடுகிறதே!

மத்திய அரசுப் பென்ஷன்தாரர்கள் சான்றிதழ் தர வேண்டிய மாதம் அதுதான். 80 வயது நிரம்பியவர்கள் மட்டும் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம். நம் பெரியவருக்கு அந்தச் சலுகை இல்லை. தவறினால் டிசம்பர் பென்ஷன் நின்று போகும்.

அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி கைபேசி. ஜீவன் பிரமாண் திட்டம் 2014-ல் வந்தது. முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் முறை 2021-ல் சேர்ந்தது. AadhaarFaceRD, Jeevan Pramaan என்ற இரு செயலிகளையும் மகளின் கைபேசியில் ஏற்றிக் கொண்டால், வீட்டிலிருந்தபடியே வேலை முடியும். பென்ஷன் உத்தரவு எண், பாங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். முடிவில் ஓர் அடையாள எண் கிடைக்கும்.

அத்துடன் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எண் கிடைத்தது என்றால் சான்றிதழ் புறப்பட்டது என்றுதான் பொருள்; பாங்கி ஏற்றுக் கொண்டது என்று பொருளல்ல. பென்ஷன் உத்தரவு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் அது தள்ளப்படலாம். சில நாள் கழித்து, ஏற்கப்பட்டதா என்று பார்த்துக் கொள்வது அவசியம். மறுபடி உத்தியோகத்தில் சேர்ந்தவருக்கு இந்த வழி கிடையாது. அவர் காகிதத்தில்தான் தர வேண்டும்.

காகிதம்தான் இரண்டாவது வழி. சான்றிதழ்ப் படிவத்தை எடுத்துக் கொண்டு பெரியவர் இந்திய ஹைகமிஷன் அலுவலகத்துக்கு நேரில் போய், அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, அத்தாட்சி பெற வேண்டும். பாஸ்போர்ட்டும் பென்ஷன் உத்தரவின் நகலும் உடன் இருப்பது நல்லது. நோட்டரி, மாஜிஸ்திரேட், பாங்கி அதிகாரி ஆகியோரின் அத்தாட்சியும் செல்லும். அவசரப்பட்டு அக்டோபரிலேயே வாங்கி விடலாகாது. நவம்பர் முதல் வாரத்தில் வாங்கி, அசலைப் பதிவுத் தபாலில் அரூர் பாங்கிக்கு அனுப்புவதே உத்தமம். கூடவே இப்படி ஒரு கடிதம்:

"ஐயா, நான் தற்சமயம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஹைகமிஷன் அதிகாரி அத்தாட்சி செய்த என் உயிர்வாழ் சான்றிதழின் அசலை இத்துடன் வைத்துள்ளேன். பென்ஷன் உத்தரவு எண்ணும் கணக்கு எண்ணும் கீழே உள்ளன. இதைப் பதிவு செய்து, பென்ஷனை இடையறாமல் என் கணக்கில் வரவு வைக்கக் கோருகிறேன். பெற்றுக் கொண்டதற்கு ஒரு வரி பதில் அனுப்ப வேண்டுகிறேன்."

அந்த ஒரு வரி பதில்தான் முக்கியம். தபால் வழியில் தவறியிருந்தால், மாதம் முடிவதற்குள் அதனால் தெரிந்துவிடும்.

அப்படியும் பென்ஷன் நின்றுவிட்டால்? பதற வேண்டாம். பணம் மறைந்து போவதில்லை. சான்றிதழ் பதிவானதும் நின்ற மாதங்களின் பாக்கி சேர்ந்து வரும்.

மாநில அரசுப் பென்ஷன்தாரர்களுக்குக் கருவூலத்தின் நேர்காணல் முறை தனி. அவர்கள் விமானம் ஏறுமுன் தங்கள் கருவூலத்தில் தம்முடைய மாதம் எது என்று கேட்டுக் கொண்டு புறப்படட்டும்.